ஜோடிக் கணக்கு ஏறியது, முதல் பத்து சரிந்தது: ஒரு தேடல் ராங்கரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு மென்பொருளின் உதவிப் பக்கங்களுக்குள் தேடித் தரும் அமைப்பு அது. இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதல் கட்டத்தில் BM25 சொற்களைப் பொருத்திப் பார்த்து 100 பக்கங்களை எடுத்துக் கொடுக்கும். இரண்டாம் கட்டத்தில் ஒரு நியூரல் மாடல் தேடலையும் பக்கத்தையும் சேர்த்துப் படித்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு எண்ணைத் தரும், அந்த எண்ணின் வரிசையில் முடிவுகள் திரையில் வரும். மாடல் பெர்ட் வகையைச் சேர்ந்தது, ஆகவே ஒரு தடவைக்கு 512 டோக்கன்களுக்கு மேல் அதனால் படிக்க முடியாது. அதற்கு மேல் இருப்பதெல்லாம் வெட்டப்பட்டுவிடும். இந்த 512 பின்னால் திரும்ப வரும்.

நான் அந்தக் குழுவில் மதிப்பீட்டுப் பக்கம் இருந்தேன். மாடலை ட்ரெயின் செய்தவர்கள் வேறு இருவர், முடிவுகளைத் திரையில் காட்டும் பகுதி இன்னொருவர் கையில் இருந்தது.

பழைய மாடல் பாயின்ட்வைஸ் முறையில் ட்ரெயின் ஆனது. அதாவது ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக எடுத்து, இது பொருத்தமா இல்லையா என்று 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண்ணைக் கணிக்கச் சொல்வது. அதில் ஒரு குறை இருந்தது. பக்கங்களுக்குப் பொருத்தம் குறித்துத் தந்த மனிதர்கள் எல்லோரும் ஒரே கண்டிப்போடு குறிக்கவில்லை. ஒரு தேடலுக்கு ஒருவர் தாராளமாக "பொருத்தம்" போட்டிருப்பார், அடுத்த தேடலுக்கு இன்னொருவர் அதே தரத்துப் பக்கத்தைத் தள்ளியிருப்பார். இரண்டையும் ஒரே அளவுகோலில் பிடிக்கப் பார்த்து மாடல் தன் சக்தியை அங்கே வீணாக்கிக்கொண்டிருந்தது. வரிசைப்படுத்துவதற்கு அது தேவையே இல்லை, ஒரே தேடலுக்குள் எது மேலே எது கீழே என்று தெரிந்தால் போதும்.

அதனால் பேர்வைஸ் லாஸுக்கு மாறுவது என்று முடிவானது. முடிவு சரியான முடிவுதான், இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என்ன மாற்றினார்கள்

எடுத்துக்கொண்டது 2005-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ராங்க்நெட் வடிவம். ஒரே தேடலில் பொருத்தமான பக்கம் ஒன்று, பொருத்தமில்லாத பக்கம் ஒன்று என்று ஜோடி சேர்க்க வேண்டும். முதலாவதின் மதிப்பெண் s_i, இரண்டாவதின் மதிப்பெண் s_j என்றால் அந்த ஜோடிக்கான லாஸ் இது:

```
log(1 + exp(-(s_i - s_j)))
```

வித்தியாசம் பெரிதாகவும் சரியான திசையிலும் இருந்தால் லாஸ் பூஜ்யத்தை நெருங்கும். தலைகீழாக இருந்தால் ஏறக்குறைய வித்தியாசத்தின் அளவுக்கே லாஸ் ஏறும். கோடில் மூன்று வரிதான், s என்பது ஒரு தேடலின் எல்லாப் பக்கங்களுக்குமான மதிப்பெண்கள், y என்பது மனிதர்கள் குறித்த பொருத்தம்:

```python
d = s.unsqueeze(1) - s.unsqueeze(0)
m = (y.unsqueeze(1) > y.unsqueeze(0)).float()
loss = (F.softplus(-d) * m).sum()
```

(log, exp என்று நேரடியாக எழுதாமல் softplus போட்டதற்குக் காரணம், தலைகீழ் வித்தியாசம் மிகப் பெரிதானால் exp எல்லை தாண்டி inf ஆகிவிடும்.)

கடைசி வரியில் இருக்கும் .sum()-ஐக் கவனித்து வையுங்கள். ஒரு தேடலின் ஜோடிகள் எல்லாவற்றையும் கூட்டுகிறது, அப்புறம் பேட்சில் உள்ள தேடல்கள் எல்லாவற்றையும் கூட்டுகிறது. பார்க்க அப்பாவியாக இருக்கும்.

கண்டது

ட்ரெயினிங்கில் சேராத தேடல்களைத் தனியாக வைத்து இரண்டு அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று ஜோடித் துல்லியம், அதாவது எத்தனை ஜோடிகளைச் சரியான வரிசையில் வைத்தது என்ற சதவீதம். இன்னொன்று NDCG@10, முதல் பத்து இடங்களை மட்டும் பார்த்து, மேலே இருப்பதற்கு அதிக மதிப்புக் கொடுக்கும் அளவு. ஜோடித் துல்லியம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறிக்கொண்டே போனது. NDCG@10 தொடக்கத்தில் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்க ஆரம்பித்து, பழைய மாடலுக்கும் கீழே போய் நின்றது.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம் ஓவர்ஃபிட்டிங். ஆனால் அது ஒட்டவில்லை. ஓவர்ஃபிட்டிங் என்றால் பார்க்காத தேடல்களில் ஜோடித் துல்லியமும் சேர்ந்து விழ வேண்டும், இங்கே அது ஏறுகிறது. அடுத்த சந்தேகம் NDCG கணக்கிடும் கோடில் பிழை. கையால் ஒரு சின்னப் பட்டியல் எழுதி, காகிதத்தில் கணக்குப் போட்டு, கோட் தந்த விடையோடு ஒப்பிட்டோம், இரண்டும் ஒன்றுதான். சரி, அப்படியானால் இரண்டு எண்களுமே உண்மை. மாடல் ஒரு விஷயத்தில் நிஜமாகவே முன்னேறி, இன்னொன்றில் நிஜமாகவே பின்வாங்கியிருக்கிறது.

இது எப்படி நடக்கும் என்பதற்கு NDCG@10 அதிகம் விழுந்த தேடல் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும்போது அப்டேட் பாதியில் நின்றுபோவதைப் பற்றிய நீளமான தேடல். குறிக்கப்பட்ட பக்கங்கள் 20, அதில் பொருத்தமானவை 2. பழைய மாடல் அந்த இரண்டை 1-ஆம் இடத்திலும் 18-ஆம் இடத்திலும் வைத்திருந்தது. புதியது 4-ஆம் இடத்திலும் 9-ஆம் இடத்திலும் வைத்தது.

மொத்த ஜோடிகள் 2 × 18 = 36. பழைய வரிசையில் 1-ஆம் இடத்துப் பக்கத்துக்கு மேலே யாரும் இல்லை. 18-ஆம் இடத்துப் பக்கத்துக்கு மேலே பொருத்தமில்லாதவை 16, ஆக 16 ஜோடிகள் தவறு, 20 சரி, துல்லியம் சுமார் 56%. புதிய வரிசையில் 4-ஆம் இடத்துக்கு மேலே 3, 9-ஆம் இடத்துக்கு மேலே 7, ஆக 10 தவறு, 26 சரி, துல்லியம் 72%. பிரமாதமான முன்னேற்றம்.

இப்போது NDCG@10. ஒரு இடத்தின் மதிப்பு 1/log2(இடம் + 1). முதல் இடத்துக்கு 1, நான்காவதுக்கு 0.431, ஒன்பதாவதுக்கு 0.301. பத்துக்குக் கீழே எதுவும் கணக்கில் வராது. பழைய வரிசைக்குக் கிடைப்பது 1, புதியதற்கு 0.732. இரண்டு பொருத்தமான பக்கங்களும் முதல் இரண்டு இடத்தில் இருந்தால் கிடைக்கும் உச்சம் 1.631, அதால் வகுத்தால் பழையது 0.613, புதியது 0.449.

முதல் இடத்தில் விடை கிடைத்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது மூன்று தேவையில்லாத பக்கங்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக, அவர் எப்போதும் எட்டிப் பார்க்காத 18-ஆம் இடத்தில் கிடந்த பக்கம் மேலே வந்திருக்கிறது. லாஸின் கணக்கில் இது நல்ல பேரம்.

ஏன் அந்தப் பேரத்தை மாடல் விரும்பியது

லாஸின் கிரேடியன்டைப் பார்த்தால் புரியும். ஒரு ஜோடி தன் இரண்டு பக்கங்களையும் விலக்கித் தள்ளும் விசை 1/(1 + exp(s_i − s_j)). வித்தியாசம் சரியான திசையில் 2 என்றால் விசை 0.119. தவறான திசையில் 2 என்றால் 0.881. தவறு எவ்வளவு பெரிதானாலும் விசை 1-ஐத் தாண்டாது, ஆனால் குறையவும் குறையாது. மாடலால் சரிசெய்யவே முடியாத ஜோடியும் கடைசி வரைக்கும் முழு விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கும்.

மேலே சொன்ன தேடலில், பழைய வரிசையில் எல்லா வித்தியாசமும் 2 என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். 18-ஆம் இடத்துப் பக்கத்தை மேலே தள்ளும் தவறான ஜோடிகள் 16, ஒவ்வொன்றும் 0.881, மொத்தம் 14.1. முதல் இடத்துப் பக்கத்தை அங்கேயே தாங்கிப் பிடிக்கும் ஜோடிகள் 18, ஒவ்வொன்றும் 0.119, மொத்தம் 2.1. ஆறு மடங்குக்கு மேல் இழுப்பு, அதுவும் யாரும் பார்க்காத இடத்தில் இருக்கும் பக்கத்துக்கு. இரண்டையும் ஒரே மாற்றத்தால் திருப்திப்படுத்த முடியாதபோது மாடல் யார் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த கேள்வி, ஏன் இரண்டையும் திருப்திப்படுத்த முடியவில்லை? இதற்கு எண்களிலிருந்து விடை வராது. அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டியிருந்தது.

திறந்து பார்த்தால் அது ஒரு நீளமான அமைப்புக் கையேடு. ப்ராக்ஸி பற்றிய விஷயம் ஏழாவது பகுதியில் இருக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், பொருத்தம் என்று குறித்தவர் தவறாகக் குறிக்கவில்லை. ஆனால் பக்கத்தின் தலையில் பொருளடக்கம், அதற்குக் கீழே எந்தெந்தப் பதிப்புக்குப் பொருந்தும் என்ற அட்டவணை, அப்புறம் உரிமக் குறிப்பு. 512 டோக்கன்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. குறித்த மனிதர் முழுப் பக்கத்தையும் பார்த்தார், மாடல் பொருளடக்கத்தையும் உரிமத்தையும் மட்டும்தான் பார்த்தது. "இது பொருத்தமான பக்கம், மேலே கொண்டு போ" என்று 16 ஜோடிகள் அதட்டும்போது, மாடலின் கண்ணுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் "பொருளடக்கத்தோடு தொடங்கும் பக்கம்" என்பதுதான். அதைத்தான் கற்றுக்கொண்டது. புதிய வரிசையில் முதல் மூன்று இடத்தைப் பிடித்த பக்கங்களைப் பார்த்தோம்: நிறுவும் கையேடு, பொது அறிமுகம், நிர்வாகிகளுக்கான வழிகாட்டி. மூன்றும் பொருளடக்கத்தோடு தொடங்குகின்றன, மூன்றிலும் ப்ராக்ஸி பற்றி உருப்படியாக ஒன்றும் இல்லை.

விசை அதிகமாக வந்த ஜோடிகளை இறங்கு வரிசையில் போட்டு மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து படித்தோம். திரும்பத் திரும்ப இதே கதை: விடை பக்கத்தின் அடியில், மாடல் பார்த்தது தலையை மட்டும்.

இரண்டாவது சாய்வு

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, அந்த .sum(). குறிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கை எல்லாத் தேடலுக்கும் ஒன்றாக இல்லை. நீளமான, குறிப்பான தேடல்களுக்குப் பொதுவாக 20 பக்கங்கள்தான் குறிக்கப்பட்டிருந்தன. "பாஸ்வேர்ட்" போன்ற ஒற்றைச் சொல் தேடல்கள் பழையவை, பல தடவை மறுபடி மறுபடி குறிப்புக்குப் போய் வந்தவை, அவற்றில் சிலவற்றுக்கு 200 வரை சேர்ந்திருந்தது. 20 பக்கங்களில் 4 பொருத்தம் என்றால் ஜோடிகள் 4 × 16 = 64. 200-இல் 60 பொருத்தம் என்றால் 60 × 140 = 8,400. பக்கங்கள் பத்து மடங்குதான் கூடின, ஜோடிகள் 131 மடங்கு. எல்லாவற்றையும் கூட்டிப் போடும் லாஸில் அந்த ஒரு தேடல் நூற்றுக்கு மேற்பட்ட சின்னத் தேடல்களின் குரலை அமுக்கிவிடும்.

ஒற்றைச் சொல் தேடல்களுக்குப் பெரும்பாலும் அறிமுகப் பக்கங்களும் பெரிய கையேடுகளும்தான் பொருத்தமானவை, அது நியாயமும்கூட. ஆக இரண்டு காரணங்களும் மாடலை ஒரே திசையில் தள்ளின. நமது ஜோடித் துல்லியமும் எல்லா ஜோடிகளையும் ஒரே குவியலாகக் கூட்டித்தான் கணக்கிடப்பட்டது என்பதால், அந்த அளவும் பெரிய தேடல்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. தேடல்வாரியாகக் கணக்கிட்டு அப்புறம் சராசரி எடுத்துப் பார்த்தபோது ஏற்றம் பெரும்பாலும் காணாமல் போனது. மேலே பார்த்த ப்ராக்ஸித் தேடலைப் போலத் தனியாகவும் ஏறியவை உண்டு, ஆனால் குறைவு.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

மூன்று மாற்றங்களும் ஒரே நேரத்தில் செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒவ்வொன்றாகத்தான் என்று பிடிவாதமாக இருந்தோம், இல்லையென்றால் எது எதைச் சரிசெய்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

முதலில் ஜோடி எண்ணிக்கை. ஒவ்வொரு தேடலின் லாஸையும் அதன் ஜோடி எண்ணிக்கையால் வகுத்துவிடலாம் என்பது எல்லோருக்கும் உடனே தோன்றுவது. செய்து பார்த்தார்கள், வேறு பக்கம் சாய்ந்தது. இரண்டே ஜோடி உள்ள தேடலுக்கும் 8,400 ஜோடி உள்ள தேடலுக்கும் ஒரே எடை கிடைத்ததால், அந்த இரண்டு ஜோடியில் ஒன்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதன் சத்தம் முழுதாக உள்ளே வந்தது. அதனால் வகுப்பதை விட்டுவிட்டு உச்சவரம்பு வைத்தார்கள்: ஒரு சுற்றில் ஒரு தேடலிலிருந்து அதிகபட்சம் 200 ஜோடிகள், ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் குலுக்கி எடுப்பது. 64-க்கு 8,400 என்று இருந்தது 64-க்கு 200 ஆனது, ஏறக்குறைய மூன்று மடங்கு. பெரிய தேடலில் கூடுதல் தகவல் இருப்பது உண்மை, அதற்கு மூன்று மடங்கு மரியாதை போதும்.

இரண்டாவது, மாடலால் பார்க்க முடியாத ஆதாரம். நிரந்தரத் தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பக்கத்தைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகபட்சத்தைப் பக்கத்தின் மதிப்பெண்ணாக எடுப்பது. ஆனால் அப்படிச் செய்தால் தேடும் நேரத்தில் 100 தடவை ஓடும் மாடல் பல நூறு தடவை ஓட வேண்டும், பதில் வரத் தாமதமாகும். அதற்கு ஏற்பாடு செய்யும் வரைக்கும் தற்காலிகமாக ஒரு வடிகட்டி போட்டார்கள். பொருத்தமான பக்கத்தின் முதல் 512 டோக்கன்களில் தேடலின் முக்கியச் சொல் ஒன்றுகூட இல்லையென்றால் அந்தப் பக்கம் ட்ரெயினிங் ஜோடிகளில் சேராது. மதிப்பீட்டில் மட்டும் வழக்கம்போல இருக்கும், அங்கே எடுத்துவிட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம் என்று அர்த்தம். இது முரட்டு வடிகட்டிதான். வேறு சொற்களில் அதே விஷயத்தைச் சொல்லும் நல்ல பக்கங்களையும் சேர்த்து வெளியே தள்ளியிருக்கும், அந்த இழப்பைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது, இடத்துக்கு ஏற்ற எடை. ராங்க்நெட்டுக்குப் பின்னால் வந்த லாம்ப்டாராங்க் சொல்வது இதைத்தான்: ஜோடியின் இரண்டு பக்கங்களையும் இப்போதுள்ள வரிசையில் இடம் மாற்றினால் NDCG எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டு, அந்த அளவால் ஜோடியின் விசையைப் பெருக்கு. கோடில் ஒரு w சேர்கிறது:

```python
loss = (F.softplus(-d) * m * w.detach()).sum()
```

அதே ப்ராக்ஸித் தேடலை இதில் போட்டுப் பார்ப்போம், பத்தோடு வெட்டாத முழு NDCG-ஐ வைத்து. 18-ஆம் இடத்துப் பக்கத்தை 17-ஆம் இடத்துக்கு மாற்றினால் கிடைக்கும் லாபம் 0.003-க்கும் குறைவு. 1-ஆம் இடத்துப் பக்கம் 2-க்கு இறங்கினால் நஷ்டம் 0.226. பதினாறு தவறான ஜோடிகளின் மொத்த விசை 14.1-லிருந்து 0.85 ஆகிறது, முதல் இடத்தைத் தாங்கும் பதினெட்டு ஜோடிகளின் விசை 2.1-லிருந்து 0.89 ஆகிறது. ஆறு மடங்குக்கு மேல் இருந்த ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய சமமாகிவிட்டது. கீழே கிடக்கும் பக்கத்தை இது மறந்துவிடவில்லை, 18-இலிருந்து நேராக 2-க்கு வரும் ஜோடிக்கு இன்னமும் 0.24 எடை இருக்கிறது. மேலே ஏற்கெனவே சரியாக இருப்பதை இடித்துத்தள்ளிவிட்டு அதைக் கொண்டு வருவது மட்டும் இனி லாபமில்லை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். எடையைக் கணக்கிட முழு வரிசையும் தெரிய வேண்டும், அதாவது ஒரு தேடலின் எல்லாப் பக்கங்களுக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும், 200 பக்கங்களை கிரேடியன்டோடு ஒரே நேரத்தில் மெமரியில் வைக்க இடமில்லை. அதனால் முதலில் கிரேடியன்ட் இல்லாமல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, இடங்களைக் குறித்துக்கொண்டு, எடைகளைக் கணக்கிட்டு, பிறகு குலுக்கி எடுத்த ஜோடிகளில் வரும் பக்கங்களை மட்டும் சின்னச் சின்னக் கூட்டமாக கிரேடியன்டோடு மறுபடி ஓட்டினார்கள். ட்ரெயினிங் நேரம் கூடியது, வேறு வழி இல்லை. அந்த .detach() விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடத்திலிருந்து மட்டும் எடையைக் கணக்கிட்டால் அது இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் யாராவது பிற்பாடு இடத்துக்குப் பதில் மதிப்பெண்ணையே வைத்து மென்மையான எடை எழுதினால், மாடல் லாஸைக் குறைக்க எடையையே குறைக்கக் கற்றுக்கொள்ளும்.

விளைவு

உச்சவரம்பு மட்டும் வைத்தபோதே NDCG@10-இன் சரிவு நின்றது, ஆனால் பழைய மாடலைத் தாண்டவில்லை. வடிகட்டி சேர்ந்ததும் பொருளடக்கப் பக்கங்கள் குறிப்பான தேடல்களின் தலையிலிருந்து இறங்கின, மூன்றில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் இதுதான். இடத்துக்கு ஏற்ற எடை வந்த பிறகு பழைய மாடலை நிம்மதியாகத் தாண்டியது. எனக்கு ஆச்சரியம் தந்தது இந்த வரிசைதான். எல்லோரும் புது லாஸ்தான் காப்பாற்றப் போகிறது என்று காத்திருந்தார்கள், பாதி வேலையைச் செய்தது எந்தப் பக்கங்கள் ஜோடிக்குள் போகலாம் என்ற கேள்வி. ஜோடித் துல்லியம், பழைய குவியல் கணக்கில் பார்த்தால், முதல் பேர்வைஸ் மாடலைவிடக் கடைசி மாடலுக்குக் குறைவு. அதைப் பார்த்து யாரும் கவலைப்படவில்லை.

மாடல் உபயோகத்துக்குப் போன பிறகு இன்னொன்று கிளம்பியது. திரையில் முடிவுகளைக் காட்டும் பகுதி, மதிப்பெண் 0.3-க்குக் கீழே இருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் மறைத்துவிடும், எல்லாமே மறைந்தால் "எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லும். பாயின்ட்வைஸ் மாடல் இருந்தபோது அந்த எண்ணுக்கு அர்த்தம் இருந்தது. புதிய மாடல் சில தேடல்களுக்கு எல்லாப் பக்கங்களுக்கும் மைனஸில் மதிப்பெண் தந்தது, நல்ல பக்கங்கள் இருந்தும் திரை காலியாக வந்தது. வேறு சிலவற்றுக்கு எல்லாமே பெரிய எண்கள், குப்பையும் சேர்ந்து வந்தது.

லாஸில் வித்தியாசம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் ஒரு தேடலின் எல்லா மதிப்பெண்களோடும் எந்த எண்ணைக் கூட்டினாலும் லாஸ் இம்மியும் மாறாது. அந்த எண் தேடலுக்குத் தேடல் வேறாக இருக்கலாம், மாடலைத் தட்டிக் கேட்க எதுவும் இல்லை. ஒரு தேடலில் 5 வாங்கிய பக்கமும் இன்னொரு தேடலில் 5 வாங்கிய பக்கமும் ஒரே தரம் என்று நினைக்க எந்த அடிப்படையும் கிடையாது. 0.3-க்குப் பதில் வேறு எல்லை வைத்தாலும், எல்லாத் தேடலுக்கும் பொதுவான ஒரு வளைகோட்டால் மதிப்பெண்ணை 0–1-க்குள் மடக்கினாலும் இது தீராது, ஏனென்றால் நகர்வு தேடலுக்குத் தேடல் வேறு. NDCG-யும் வரிசையை மட்டுமே பார்ப்பதால் எங்கள் சோதனைகள் எதிலும் இது தென்படவில்லை.

உடனடியாகச் செய்தது: வரிசைக்குப் புதிய மாடல், மறைப்பதா வேண்டாமா என்பதற்கு மட்டும் பழைய மாடல். இரண்டையும் ஓட்டுவது செலவு, ஆனால் ஒரே நாளில் செய்ய முடிந்தது. அப்புறம் பேர்வைஸ் லாஸோடு பாயின்ட்வைஸ் லாஸையும் சின்ன எடையில் சேர்த்து மறுபடி ட்ரெயின் செய்தார்கள். அந்தச் சின்ன எடை மதிப்பெண்களை ஓர் இடத்தில் கட்டிவைக்கப் போதுமானதாக இருந்தது. வரிசையின் தரத்தில் பெரிய இழப்பு இல்லை, எல்லைக்கும் மறுபடி அர்த்தம் வந்தது. பழைய மாடல் ஓய்வு பெற்றது.

மறுபடி செய்வதானால் மாற்றுவது

ட்ரெயினிங் தொடங்கும் முன்பே தேடல்வாரியாக ஜோடி எண்ணிக்கையை எண்ணிப் பட்டியல் போட்டுப் பார்ப்பது. ஐந்து வரி கோட் அது. 64-உம் 8,400-உம் ஒரே பட்டியலில் இருப்பது தெரிந்தால் .sum() யார் கண்ணையும் தப்பியிருக்காது.

ஜோடித் துல்லியத்தை வைத்து எந்தச் சுற்றின் மாடலை எடுப்பது என்று முடிவு செய்யாமல், NDCG@10-ஐ வைத்து, அதையும் ஒற்றைச் சொல் தேடல்கள், நீளமான தேடல்கள் என்று பிரித்துப் பார்ப்பது. மொத்தச் சராசரி மட்டும் பார்த்தால் ஒன்றின் ஏற்றம் இன்னொன்றின் இறக்கத்தை மூடிவிடுகிறது.

முதல் சில சுற்றுகள் முடிந்ததும் நிறுத்தி, விசை அதிகமாக வரும் ஜோடிகளைத் திறந்து படிப்பது. படிக்கும்போது முழுப் பக்கத்தைப் பார்க்கக் கூடாது, மாடலுக்குப் போகும் 512 டோக்கன்களை மட்டும் பார்த்துவிட்டு, இதை வைத்து ஒரு மனிதரால் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். துண்டுகளாக வெட்டும் வேலை பின்னர் முடிந்தது, வடிகட்டியை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் இந்தப் பார்வை பழக்கத்தில் இருக்கிறது, ஏனென்றால் படங்களுக்குள் இருக்கும் எழுத்தை மாடல் இன்னமும் பார்ப்பதில்லை.

மதிப்பெண்ணை யார் யார் வரிசைக்கு அல்லாமல் எண்ணாகப் பயன்படுத்துகிறார்கள் என்று லாஸை மாற்றுவதற்கு முன் தேடிப் பார்ப்பது. மறைக்கும் எல்லை ஒன்றுதான் என்று நினைத்திருந்தார்கள், வேறொரு மூலத்திலிருந்து வரும் முடிவுகளோடு மதிப்பெண்ணை வைத்துக் கலக்கும் இடம் ஒன்றும் இருந்தது, அது தற்செயலாகத்தான் தெரியவந்தது.

கடைசியாக, இன்னும் முழுதாகத் தீராத ஒன்று. எந்தப் பக்கமும் பொருத்தமில்லை என்று குறிக்கப்பட்ட தேடல்கள் தரவில் இருந்தன. அவற்றில் ஜோடியே உருவாகாது, ஆக பேர்வைஸ் லாஸ் அவற்றை ஒரு தடவைகூடத் தொடவில்லை, ட்ரெயினிங் லாக் எதிலும் அது பிழையாகத் தெரியாது, அந்தத் தேடலின் லாஸ் பூஜ்யம், அவ்வளவுதான். "எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்ல வேண்டிய தேடல்கள் சரியாக அவைதான். இப்போது பாயின்ட்வைஸ் பகுதி வழியாக மட்டும் அவை மாடலுக்குப் போகின்றன. அவற்றுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை இன்னமும் கையால்தான் வைக்கிறார்கள்: எடையைக் கூட்டினால் மாடல் எல்லாவற்றையும் மறைக்கப் பார்க்கிறது, குறைத்தால் வெற்றுத் தேடல்களுக்கும் ஏதாவது ஒன்றைக் காட்டிவிடுகிறது.